புதுப்பிப்பு: திருவான்மியூர் வீட்டில் பிரஷ்டு பிராஸ் குழாயும் கைப்பிடியும்

முன்பு நான் கேட்டது: "குழாய், கைப்பிடி, விளக்கு மூன்றும் பிரஷ்டு பிராஸ். ஆனால் நிறம் சேரவில்லை, கைப்பிடியில் பச்சைப் புள்ளி வேறு. என்ன செய்ய?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது ஹார்டுவேர் கடை அண்ணன் யோசனைதான். குழாயில் உலோக ஆவியைப் படியவைக்கும் கடினமான பிவிடி பூச்சு, கைப்பிடியிலோ வார்னிஷ் போன்ற வெறும் லாக்கர் என்றார். திருகு பக்கம் பார்த்தேன். லாக்கர் கீறிய இடத்தில்தான் பச்சை பூத்திருந்தது. கடல் காற்றுக்கு அந்தக் கீறலே போதும். கைப்பிடிகளை மேட் பிளாக்காக மாற்றிவிட்டேன்.

அசல் பித்தளையா என்று பார்க்கக் காந்தம் வைக்கச் சொன்னவர் பாதி சரி. ஒட்டினால் இரும்பு, ஆனால் ஒட்டாவிட்டால் பித்தளை என்று சொல்ல முடியாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது.

எதிர்பாராதது: கண்ணாடி மேலிருந்த வெள்ளை ஒளி 6500K பல்பை மஞ்சள் ஒளி 3000K ஆக்கியதும் குழாயும் விளக்கும் ஒரே நிறமாகத் தெரிந்தன. அப்புறம், கறுப்புப் பூச்சு எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று இன்னும் தெரியவில்லை.