இதயப் படத்தில் ‘வலது’: ஒரு கலைச்சொல் வேண்டும்

விஞ்ஞான ஆசிரியை, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கிறோம். பிள்ளைகள் நிரப்பிவிட்டு ஃபோனில் படம் எடுத்து அனுப்புவார்கள். இதயத்தின் நெடுக்குவெட்டு வரும் தாளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. தாளின் வலப்பக்கம் இருக்கும் அறைக்கு ‘வலது இதயவறை’ என்று எழுதிவிடுகிறார்கள். பாடம் தெரியாமல் இல்லை. இரத்தம் எந்த அறையிலிருந்து எங்கே போகிறது என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். படத்திலிருப்பது நம்மைப் பார்த்து நிற்கும் ஒருவருடைய இதயம் என்பதுதான் மறந்துபோகிறது.

தாளின் தலைப்பில் இதைச் சொல்லிவிட வேண்டும். நீட்டி எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். இரண்டு குறுஞ்சொற்கள் போதும். ‘வலம், இடம்’ என்று தொடங்கிப் பார்த்தேன். ‘உடலிடம்’, ‘தன்னிடம்’ என்றெல்லாம் வந்து நிற்கிறது, பிள்ளைகள் அதை வேறு பொருளில்தான் வாசிப்பார்கள். ஆகவே ‘உடல்வலது, உடல்இடது’ என்றும், பார்ப்பவர் பக்கத்துக்குத் ‘தாள்வலது, தாள்இடது’ என்றும் வைத்தால் என்ன? பிள்ளை நிரப்பிய தாளின் போட்டோவை இணைத்திருக்கிறேன்.

டியூஷன் ஆசிரியர், கொட்டாஞ்சேனை

டீச்சர், இதற்குப் புதுச்சொல் தேவையா? என் வகுப்பில் ஒரே விதிதான்: இதயப் படம் வந்தால் பக்கத்தை மாற்றி எழுது. அதோடு நீலம் பூசியது வலது, சிவப்பு பூசியது இடது. இந்த இரண்டையும் வைத்தே பிள்ளைகள் புள்ளி வாங்கிவிடுகிறார்கள்.

கணக்காளர், பம்பலப்பிட்டி

நான் சென்னையில் படித்தவன். அங்கே ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். என் மகள் இங்கே சோணையறை, இதயவறை என்கிறாள். செல்லைக் கலம் என்கிறாள், தமனியை நாடி என்கிறாள். முதலில் இந்தப் பெயர்களை ஒன்றாக்கிவிட்டு மற்றதைப் பேசலாமே.

விஞ்ஞான ஆசிரியை, வெள்ளவத்தை

அண்ணா, அது பெரிய பேச்சு, தனியே வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் பரீட்சையில் எழுத வேண்டியவை சோணையறை, இதயவறைதான். நான் கேட்பது உறுப்பின் பெயரை அல்ல, அதற்கு முன்னால் வரும் ‘வலது’ யாருடைய வலது என்பதை.

ஓய்வுபெற்ற மருத்துவர், தெஹிவளை

டீச்சரின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பி, ஆகவே நீலம் சிவப்பு விதி இங்கே உதவாது. நிறம் இருந்தாலும் அந்த விதி அறைகளுக்குத்தான் சரி. நுரையீரல் நாடி நீலமாகவும் நுரையீரல் நாளம் சிவப்பாகவும் இருக்கும். நாடி என்றாலே சிவப்பு என்று பாடமாக்கிய பிள்ளை அங்கே தடுமாறும்.

பக்கத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். கீழே உள்ள இரண்டு அறைகளில் ஒன்றின் தசைச்சுவர் மற்றதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிப்பு. உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிற அறை அது. மற்றதற்கு அருகிலிருக்கும் நுரையீரல் வரை தள்ளினால் போதும். ஆகவே தடித்த சுவருள்ளது இடது இதயவறை, அது தாளின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் சரி. அப்புறம் அங்கிருந்து கிளம்பும் குழாயை விரலால் தொடர்ந்து போங்கள். மேலே போய் வளைந்து, வளைவின் மேலிருந்து மூன்று கிளைகள் விட்டால் அது தொகுதிப் பெருநாடி. மெல்லிய சுவருள்ள அறையிலிருந்து வரும் குழாய் பெருநாடிக்கு முன்னால் குறுக்கே போய் இரண்டாகப் பிரியும். அது நுரையீரல் நாடி. சுவரும் குழாயும் ஒன்றையே சொன்னால்தான் பேனையை எடுக்க வேண்டும்.

இந்தத் தாளில் 5ஆம் கோட்டைப் பாருங்கள். போட்டோ சரிவாக எடுக்கப்பட்டதால் அதன் நுனி சோணையறையில் நிற்கிறதா, இதயவறையில் நிற்கிறதா என்று மயக்கம் வருகிறது. நுனிக்குக் கீழே மெல்லிய நாண்கள் இறங்கித் தசைமுளைகளில் சேர்கின்றன. அப்படியானால் நுனி தொடுவது வால்வின் மடலைத்தான். பிள்ளை ‘இருகூர் வால்வு’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு மடல்கள் தெரிகின்றன, அதை எண்ணி எழுதியிருக்க வேண்டும். ஆனால் நெடுக்குவெட்டில் முக்கூர் வால்வுக்கும் பெரும்பாலும் இரண்டு மடல்தான் தெரியும், மூன்றாவது வெட்டில் அகப்படாது. ஆகவே மடலை எண்ணிப் பயனில்லை, எந்த அறைக்குள் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். இது மெல்லிய சுவருள்ள அறைக்குள் திறக்கிறது. முக்கூர் வால்வு.

‘மாற்றி எழுது’ என்ற விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பக்கத் தோற்றத்துக்கு அது சரி. இதயத்தைப் பின்னாலிருந்து காட்டும் படத்தில் உடல்வலதும் தாள்வலதும் ஒரே பக்கம். அங்கே மாற்றி எழுதினால் எல்லாமே பிழைத்துவிடும்.

கணக்காளர், பம்பலப்பிட்டி

டொக்டர், இப்போதுதான் ஒரு விஷயம் விளங்குகிறது. போன வருஷம் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் ‘எல்’ என்ற எழுத்து என் வலக்கைப் பக்கமாகத் தெரிந்தது. இதயமும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. இதயம் இடம் மாறிவிட்டதோ என்று இரவு முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற மருத்துவர், தெஹிவளை

அதுவும் இதே கணக்குத்தான். எக்ஸ்ரேயையும் நம்மைப் பார்த்து நிற்பவராகவே வைத்துப் பார்ப்போம். ‘எல்’ எழுதியிருப்பது உங்களுடைய இடது. டீச்சர் தேடும் சொல்லின் வேலையை அங்கே அந்த ஒற்றை எழுத்து செய்கிறது.

பக்க வடிவமைப்பாளர், புறக்கோட்டை

அச்சுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். கேள்விக்கு இடம் போதாவிட்டால் சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். எழுத்துகளையும் கோடுகளையும் அதற்குப் பிறகுதான் போடுவார்கள், ஆகவே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஃபோனின் முன் கமராவில் எடுத்துப் படம் திரும்பிப்போனால் எழுத்தும் சேர்ந்து திரும்பும், உடனே பிடித்துவிடலாம். இதைப் பிடிக்க முடியாது. ‘தாள்’ என்ற சொல்லும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பிள்ளை பார்ப்பது திரையில். ‘படவலது, படஇடது’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

டியூஷன் ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பின்பக்கத் தோற்றம் எங்கள் பாடப் படங்களில் வருவதில்லை, அதனால்தான் என் விதி இதுவரை ஓடியிருக்கிறது. ஆனால் இந்தத் திருப்பிய படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற மருத்துவர், தெஹிவளை

கீழ்க்கூரைப் பாருங்கள். முன்பக்கத் தோற்றத்தில் இதயத்தின் கூர் தாளின் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்து, தடித்த சுவரும் அந்தப் பக்கமே கிடந்தால் ஒன்று படம் திரும்பியிருக்கிறது, இல்லாவிட்டால் அது இதயம் வலப்பக்கம் அமைந்த ஒருவருடைய படம். அரிதாக அப்படிப் பிறப்பவர்கள் உண்டு. படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பயிற்சித் தாளில் வந்தால் திரும்பிய படம் என்றே கொள்ளலாம். அப்போதும் சுவரைப் பார்த்து எழுதிய பெயர் சரியாகவே இருக்கும்.

‘படவலது’ எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தின் வலது என்றால் படத்திலிருக்கும் ஆளின் வலது என்றும் பொருள் கொள்ளலாமே? நாம் விலக்கப் பார்க்கும் குழப்பமே அதுதான். ‘தாள்வலது’ என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

பக்க வடிவமைப்பாளர், புறக்கோட்டை

அது உண்மைதான். அப்படியானால் ‘காண்வலது’? தாளுக்கும் சரி, திரைக்கும் சரி.

விஞ்ஞான ஆசிரியை, வெள்ளவத்தை

‘காண்வலது’ பொருளில் நன்றாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதை ஒரு தடவையில் வாசித்து விளங்கிக்கொள்ளுமா என்பதுதான் என் கேள்வி. உடல்வலது, உடல்இடது இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘உடலிடது’ என்று சேர்த்து எழுதாமல் பிரித்தே அச்சிடுவோம், சிறு பிள்ளைகளுக்கு அது இலகு. மற்றப் பக்கத்துக்கு அடுத்த இரண்டு தாள்களில் ஒன்றில் ‘தாள்வலது’, இன்னொன்றில் ‘காண்வலது’ என்று போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கிறேன். டொக்டர், பின்பக்கத் தோற்றத்தில் தெளிவான கோட்டுப் படம் ஒன்று உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், மூன்றாம் தாளில் அதையும் வைக்கிறேன்.