புதுப்பிப்பு: கோணங்களை அளந்து பார்த்த வகுப்பு

"ஒரே வில்லின் மையக் கோணம் பரிதிக் கோணத்தின் இரு மடங்கு என்று முன்கூட்டியே சொல்லாமல், பிள்ளைகளை அளக்க விட்டால் சரிவருமா?" – போன வாரம் நான் இங்கே கேட்டது.

விட்டுப் பார்த்தேன். அளவு சரியாக வரப் பெரிய வட்டம் போடச் சொல்லிப் பதில் எழுதியவர் பாதி சரி. கோணமானியின் விளிம்பை எட்டாத கோடுகளை நீட்டினாலே போதும். மையத்தில் 104° என்றால் பரிதியில் 51°, 53° என்று வந்தது. அந்த ஒரு பாகைப் பிசகு பரவாயில்லை.

ஒரு மாணவி மட்டும் மையத்தில் 130°, பரிதியில் 115° என்று எழுதி, அவசரமாக அழிக்கப் போனாள். தடுத்தேன். பரிதிப் புள்ளியைச் சின்ன வில்லின் மேலேயே வைத்திருந்தாள். மையத்தில் மறுபக்கத்தை அளக்கச் சொன்னேன்: 230°. "பாதி 115!" என்று கத்திவிட்டாள். அளக்காமல் தொடங்கியிருந்தால் இந்தப் பின்வளை கோணம் வந்தே இருக்காது.

வட்ட நாற்கரத்தை எப்படி நடத்துவது என்று கேட்டவருக்கு: அது வேறு பாடம், ஆனால் அந்த 115-ஐ விடாதீர்கள். புள்ளியைப் பெரிய வில்லில் வைத்தால் 65° வரும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 180°.

பிறகு நிரூபணத்துக்காக, அனுபவசாலி ஒருவர் சொன்னபடி, பரிதிப் புள்ளியிலிருந்து மையம் வழியே கோடு இழுத்தோம். இருசமபக்க முக்கோணங்களை அவர்களே கண்டார்கள். "அளந்தாச்சே, அப்புறம் நிரூபணம் எதுக்கு சார்?" என்ற பையனை மட்டும் இன்னும் சமாளிக்க முடியவில்லை.