வீட்டு பிரிண்டரில் 40 சீட்டு: எந்தத் தாள் வாங்கலாம்?

மகள் எட்டாம் வகுப்பு. அறிவியல் புராஜெக்டுக்கு 40 தனிமங்களை வைத்து ஒரு சீட்டுக்கட்டு செய்கிறோம். ஒரு சீட்டு 63 x 88 மி.மீ. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, பின்னணி நிறத்தை நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டிருக்கிறேன். இந்த ப்ளீடோடு ஒரு சீட்டு 69 x 94.

ஏ4-இல் ஒன்பது வைத்தால் அகலமே 207 ஆகிவிடுகிறது. மீதி 3 மி.மீ.தான், பிரிண்டர் விளிம்பு வரை அடிக்காது. அதனால் தாளைக் கிடைமட்டமாக்கி எட்டு வைத்தேன். ஐந்து தாளில் கட்டு முடிந்துவிடும். அளவு சுருங்காமலிருக்க 'Actual size' கொடுத்துத்தான் அடிக்கிறேன்.

சிக்கல் தாளில்தான். 200 ஜி.எஸ்.எம். தாள் தொளதொளவென்று இருக்கிறது. கடைக்காரர் காட்டிய 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு பளபளப்பானது. இங்க்ஜெட் மை அதில் ஊறாமல் கையில் ஒட்டுகிறது. பின்பக்கத்திலிருந்து தாள் இழுக்கும் இங்க் டேங்க் பிரிண்டரில், பூச்சில்லாத 250 அல்லது 300 தாள் சிக்காமல் போகுமா? இல்லை, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தனித்தனி மெல்லிய தாளில் அடித்து ஒட்டுவதே நல்லதா? அப்படி ஒட்டியவர்கள் எந்தப் பசை, சீட்டு வளைந்ததா என்றும் சொல்லுங்கள்.