உதவி: டேட்டா அனாலிசிஸுக்கு லேப்டாப், 70 ஆயிரத்துக்குள், அவசரம்

கடலூர்_ஓடி
வணக்கம். பிஎச்டி வேலைக்கு லேப்டாப் வாங்கணும், பட்ஜெட் 70 ஆயிரம். இப்ப இருக்கறதுல ஃபைல் திறக்கவே மாட்டேங்குது, மெமரி எரர் வருது. பாண்டி நேரு வீதியில ஒரு கடையில கேட்டேன், ஐ7 ப்ராசசரும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் கண்டிப்பா வேணும்னாங்க. சனிக்கிழமை போய் வாங்கிடலாம்னு இருக்கேன். எந்த மாடல் நல்லது?

முத்தியால்பேட்டை
என்ன சாஃப்ட்வேர்? என்ன ஃபைல், எத்தனை வரிசை? இப்ப இருக்கற லேப்டாப்பில் ரேம் எவ்வளவு?

லாஸ்பேட்டை_தம்பி
கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் எடுங்க. நான் படங்களை வகைப்படுத்தற மாடல் ட்ரெயின் பண்றேன், அது இல்லாம ஒண்ணும் ஓடாது. 6 ஜிபி விரேமாவது இருக்கணும்.

மூத்தபதிவர்
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "மெமரி எரர்" என்றால் எந்த எரர்? திரையில் வந்த வரியை எழுத்து மாறாமல் போடுங்கள். இதையே இங்கே வாராவாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலூர்_ஓடி
மன்னிக்கணும் சார். ஆர் 4.3, விண்டோஸ் 11. ரேம் 8 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 1 டிபி. `read_dta` கொடுத்தா ரொம்ப நேரம் சுத்திட்டு இது வருது:

```
Error: cannot allocate vector of size 5.5 Mb
```

வெறும் 5.5 எம்பிக்குக்கூடவா இடம் இல்லை? அதான் லேப்டாப்பே பழுதுன்னு நினைச்சேன்.

நெல்லிக்குப்பம்_ரவி
பழுதெல்லாம் இல்லை. ஆருக்கு விண்டோஸில் ஒரு மெமரி வரம்பு இருக்கு. `memory.limit(size = 16000)` கொடுத்துட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க.

முத்தியால்பேட்டை
ரவி, பழைய ஆருக்கு அது சரி. 4.2 வந்ததிலிருந்து அந்தக் கட்டளைக்கு வேலை இல்லை, ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

ஓடி, அந்த 5.5 எம்பியைத்தான் கவனிக்கணும். கேட்ட மொத்த இடம் அது இல்லை, கடைசியாகக் கேட்டுக் கிடைக்காமல் போன துண்டு. `read_dta` கொண்டுவர்ற ஒவ்வொரு எண்ணுக்கும் ஆரில் 8 பைட். 5.5 எம்பியை 8 பைட்டால் வகுத்தால் ஏறக்குறைய 7.2 லட்சம் வருது. தேசிய குடும்ப நல ஆய்வு-5இல் பேட்டி எடுத்த பெண்கள் 7,24,115 பேர். நீங்க திறக்கறது அந்தப் பெண்கள் கோப்புதானே? அப்படின்னா அந்த 5.5 எம்பி, கோப்பில் சரியாக ஒரே ஒரு பத்தி, அதாவது column. அதுக்கு முன்னாடியே நூற்றுக்கணக்கான பத்திகள் உள்ளே வந்து ரேமை நிரப்பியாச்சு.

கடலூர்_ஓடி
ஆமாங்க, அதேதான்! IAIR7EFL. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? தமிழ்நாடு, புதுச்சேரி பெண்களோட ரத்தசோகை பத்திதான் தலைப்பு.

முத்தியால்பேட்டை
ஆயிரம் பத்திக்கு 5.8 ஜிபி ஆகும். அந்தக் கோப்பில் பத்திகள் பல ஆயிரம். உங்க 8 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் எடுத்தது போக ஆயிரம் பத்திக்கே இடம் போதாது. 16 ஜிபி வாங்கினாலும் முழுசாத் திறக்காது. ரத்தசோகைக்குத் தேவையான பத்திகள் இருபதைத் தாண்டாது, அதை மட்டும் கேளுங்க:

```r
library(haven)
d <- read_dta("IAIR7EFL.DTA",
  col_select = c(v005, v012, v021, v023,
                 v024, v190, v457))
d <- d[d$v024 %in% c(33, 34), ]
d$wt <- d$v005 / 1e6
saveRDS(d, "rathasogai.rds")
```

ஏழு பத்தி, எல்லா மாநிலமும் சேர்த்து 41 எம்பிதான் வரும். 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. எடையை பத்து லட்சத்தால் வகுக்க மறந்துடாதீங்க. அடுத்த தடவை பெரிய கோப்பைத் தொடவே வேண்டாம், கடைசி வரியில் சேமிச்ச கோப்பைத் திறந்தால் போதும்.

நெல்லிக்குப்பம்_ரவி
ஒரு சந்தேகம். இதே கோப்பை என் 8 ஜிபி லேப்டாப்பில் ஸ்டேட்டாவில் முழுசா திறந்திருக்கேன். அப்ப ஆர்தானே தப்பு?

மூத்தபதிவர்
தப்பு என்று சொல்வதற்கு முன் இரண்டும் எப்படிச் சேமிக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆம்/இல்லை விடையை ஸ்டேட்டா ஒரு பைட்டில் வைக்கும். `read_dta` அதையே 8 பைட்டாக மாற்றித்தான் ஆருக்குள் கொண்டுவரும். அந்த ஆய்வில் பெரும்பாலான பத்திகள் இப்படிச் சின்ன எண்கள்தாம், அதனால்தான் எட்டு மடங்கு வீக்கம். ஸ்டேட்டாவே இதற்கு ஏற்றது என்று நான் பல முறை எழுதியிருக்கிறேன்.

முத்தியால்பேட்டை
சேமிப்பு பற்றி ஐயா சொன்னது சரி. ஆனா ஸ்டேட்டாவின் அடிப்படைப் பதிப்பில் 2,048 பத்திக்கு மேல் திறக்காது, முழுக் கோப்புக்கு எஸ்ஈ பதிப்பு வேணும். பல கோர்களில் ஓடணும்னா எம்பி பதிப்பு, அதுக்குக் கோர் எண்ணிக்கையைப் பொறுத்து விலை ஏறும். மாணவி கையிலிருந்து அந்தக் காசு போகணுமா?

மூத்தபதிவர்
பல்கலைக்கழக உரிமம் இருக்கிறதா என்று விசாரித்தாரா? இலவசம் என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது.

நெல்லிக்குப்பம்_ரவி
ஸ்டேட்டாவிலும் `use v005 v012 v457 using ...` கொடுத்துப் பத்திகளைத் தேர்ந்தெடுக்கலாம், அடிப்படைப் பதிப்பிலேயே வேலை முடியும். அப்ப சண்டைக்கே இடமில்லையே.

லாஸ்பேட்டை_தம்பி
சரி, லேப்டாப் விஷயம் என்னாச்சு? கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்னா 12 கோர் ப்ராசசராவது எடுக்கட்டும்.

முத்தியால்பேட்டை
தம்பி, உங்க பட வேலைக்கு கார்டு தேவைதான். இவங்க செய்யறது சர்வே எடையோட ரிக்ரஷன், அது அந்தக் கார்டைத் தொடவே தொடாது.

கோர் விஷயத்திலும் ஒரு சிக்கல் இருக்கு. சாதாரணமா ஆர் ஒரு கோரில்தான் ஓடும். பூட்ஸ்ட்ராப் மாதிரி ஒரே வேலையை ஆயிரம் தடவை திருப்பிச் செய்யும்போதுதான் மற்ற கோர்களுக்கு வேலை. விண்டோஸில் ஒவ்வொரு கோருக்கும் தனி ஆர் திறந்து, டேட்டாவையும் தனித்தனியா நகல் எடுக்கும். 2 ஜிபி டேட்டாவை ஆறு கோருக்குப் பிரிச்சா, மூலத்தோட சேர்த்து 14 ஜிபி. கோரை மட்டும் கூட்டிட்டு ரேமை 16இல் விட்டா, இப்ப பட்ட அவஸ்தைதான் மறுபடியும்.

ஓடி, வாங்கறதுக்கு முன்னாடி இப்ப இருக்கற லேப்டாப்பில் ஒண்ணு பாருங்க. டாஸ்க் மேனேஜர் திறந்து Performance, அதில் Memory. கீழே Slots used என்ன, Form factor என்ன, ரெண்டையும் இங்கே போடுங்க. SODIMM என்று இருந்து 1 of 2 காட்டினால், அதே வகையில் இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்கிடலாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு 512 ஜிபி எஸ்எஸ்டி மாட்டுங்க. ரேம் நிரம்பினதும் விண்டோஸ் டிஸ்க்கைத்தான் துணைக்கு இழுக்கும், நீங்க சொன்ன "ரொம்ப நேரம் சுத்தறது" அதுதான்.

புதுசுதான் வாங்குவேன்னா கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கா, ஸ்லாட் இருக்கா? மெல்லிசா இருக்கற மாடல்கள் நிறையவற்றில் ஒட்டியே வரும், பின்னாடி ஏத்த முடியாது. 16 ஜிபியோட ஒரு ஸ்லாட் காலியா இருக்கற ஐ5, ஒட்டின 16 ஜிபி ஐ7ஐவிட உங்களுக்கு உதவும்.

மூத்தபதிவர்
இரண்டு நினைவகங்களும் ஒரே அளவாக இருந்தால்தான் இரட்டைத் தடத்தில் முழுமையாக ஓடும். அதையும் சொல்லியிருக்க வேண்டும். மேலும் இவர் நாளைக்குக் குழந்தைகள் கோப்பையும் குடும்ப உறுப்பினர் கோப்பையும் இணைக்கப் போகிறார் என்றால் 32 ஜிபி என்பதே என் கருத்து.

முத்தியால்பேட்டை
இணைக்கிறதுக்கு முன்னாடி பத்திகளைக் குறைச்சா 16 போதும்னு நினைக்கிறேன். எந்தெந்தக் கோப்புன்னு அவங்க சொல்லட்டும்.

கடலூர்_ஓடி
திறந்துடுச்சு!! 1 of 2, SODIMM. சனிக்கிழமை ரேமும் எஸ்எஸ்டியும் மட்டும் வாங்கறேன். ரொம்ப நன்றிங்க.

மூத்தபதிவர்
குழந்தைகள் கோப்பு உண்டா இல்லையா என்பதற்குப் பதில் வரவில்லை.

நெல்லிக்குப்பம்_ரவி
ஓடி, ரேம் வாங்கப் போகும்போது அதே மெமரி பக்கத்தில் இருக்கற Speed எண்ணையும் குறிச்சுட்டுப் போங்க. டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது.