துயரப் பதிவின் கீழ் விழும் லைக்கை எப்படிப் படிப்பது?

நிலவொளி: என் தந்தை காலமான செய்தியை முகநூலில் எழுதினேன். 212 லைக், 31 சோக முகம், 58 பின்னூட்டங்கள் வந்தன. ஒரு மரணச் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட எப்படி மனம் வருகிறது? அந்த 212 பேரை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

கரையோரம்: உங்கள் இழப்புக்கு என் அனுதாபங்கள். நீண்ட நாள் நோயாளிகளைப் பராமரிப்போருக்கான குழு ஒன்றில் 8 ஆண்டுகளாக மட்டுறுத்துநராக இருக்கிறேன். இத்தகைய பதிவுகளைத் தினமும் படிக்கிறேன். கைபேசியில் லைக்குக்கு ஒரு தொடுகை போதும். சோக முகத்தைத் தேர்வதற்கோ அதே பொத்தானை அழுத்திப் பிடித்து, விரியும் வரிசையில் விரலை நகர்த்த வேண்டும். அந்த வரிசை வந்ததே 2016இல்தான்; அதற்கு முன்பிருந்தே முகநூலில் இருப்பவர்கள் பலருக்கு, அழுத்திப் பிடித்தால் வேறு முகங்கள் வரும் என்பது இன்றும் தெரியாது. ஆகவே அந்த 212இல் பெரும்பகுதியை ‘படித்துவிட்டேன், அறிந்துகொண்டேன்’ என்று மட்டுமே நான் படிப்பேன். அது மகிழ்ச்சியும் அன்று, முழுமையான ஆறுதலும் அன்று.

நேர்கோடு: இதை நான் ஏற்கமாட்டேன். அறியாமையால் லைக் இடுபவர்கள் இருக்கலாம். ஆனால் பதிவைப் படிக்காமலே விரலை ஓட்டிச் செல்பவர்களும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். பின்னூட்டங்களிலும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று நகலெடுத்து ஒட்டியவற்றை ஒதுக்கிவிடுங்கள். சொந்த வார்த்தைகளில் எழுதியவர்களே உண்மையாக வருந்தியவர்கள்.

கரையோரம்: படிக்காமல் இடுபவர்கள் உண்டு என்பது சரி. ஆனால் அந்த இரண்டு சொற்களை ஒதுக்கிவிட முடியாது. துக்க வீட்டு வாசலில் ஒன்றும் பேசாமல் கையைப் பற்றிவிட்டுச் செல்பவரைப் போன்றதே அது. சொல்வதற்கு வார்த்தை இல்லாதவர் எல்லோருக்கும் பொதுவான வார்த்தையைக் கையில் எடுக்கிறார். அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று பாருங்கள். பல ஆண்டுகளாகப் பேசாத ஒருவர் நள்ளிரவில் அந்த இரண்டு சொற்களை எழுதியிருந்தால், அதன் எடை வேறு.

பின்னூட்டத்தில் நான் தேடுவது இன்னொன்று: இறந்தவர் அதில் இருக்கிறாரா என்பது. எங்கள் குழுவில் ஒருவர் தம் தாயின் மறைவை எழுதியபோது, ‘மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்ற வரி பலமுறை வந்தது. பழைய அண்டை வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், ‘உங்கள் அம்மா என் பெயரை எப்போதும் இழுத்துத்தான் கூப்பிடுவார், வாசலில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் பள்ளிக்குக் கிளம்புவேன்’ என்று எழுதினார். பல மாதங்கள் கழித்தும் அந்தப் பெண் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த ஒன்றைத்தான் என்று எங்களிடம் சொன்னார்.

தூறல்: என் அனுபவம் மறுபக்கத்திலிருந்து. எனக்குப் புற்றுநோய்க்கான கீமோ நடந்த நாட்களில் பின்னூட்டங்களுக்குப் பதில் எழுத விரல்களில் வலு இருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் இதயக் குறி மட்டும் இட்டேன். அதைப் பார்த்தவர்கள் நான் தேறிவிட்டதாக எண்ணி, விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ‘எது தேவையென்றாலும் சொல்லுங்கள்’ என்றவர்கள் ஏராளம். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசிக்கும் பாரமும் என் மேல்தான் விழுந்தது. ‘வியாழக்கிழமை காலை மருத்துவமனைக்கு நான் துணை வருகிறேன்’ என்று எழுதியவர் ஒரே ஒருவர். அவர் வந்தார்.

நேர்கோடு: அப்படியானால் நான் சொன்னதும் அதுதானே? குறிகளுக்குப் பொருள் இல்லை. என் நண்பரின் இரங்கல் பதிவில் சிரிப்பு முகம்கூட விழுந்திருந்தது.

கரையோரம்: அந்தச் சிரிப்பு முகத்தை உடனே பகையாகக் கொள்ள வேண்டாம். வரிசையில் சிரிப்புக்கும் சோகத்துக்கும் இடையே வியப்பு முகம் ஒன்று மட்டுமே இருக்கிறது. விரல் சறுக்கினால் போதும். இட்டவருடைய பின்னூட்டமும் கீழே இருந்தால் அதை வைத்து முடிவு செய்யலாம். இல்லையென்றால் அவரிடமே தனியே கேட்பது நல்லது. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது’ என்று எழுதி, இரண்டு நாள் கழித்து அதே பதிவைத் திருத்தி மரணச் செய்தியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் செய்திக்கு வந்த இதயங்களும் லைக்குகளும் அப்படியே தங்கிவிடும். புதிதாகப் பார்ப்பவருக்கு அவை மரணத்தின் மீது விழுந்தவையாகத் தோன்றும். பின்னூட்டங்களின் நேரத்தைப் பார்த்தால்தான் எது எந்தச் செய்திக்கு வந்தது என்று பிரிக்க முடியும்.

நிலவொளி: நான் திருத்தவில்லை. ஆனால் பதிவோடு அப்பா சிரிக்கும் படம் ஒன்றை இணைத்திருந்தேன். லைக்குகளில் சில அந்தப் படத்துக்கானவையாக இருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. இருந்தும், அவருடைய சொந்தத் தம்பியும் லைக் மட்டுமே இட்டிருக்கிறார். ஒரு சொல் எழுதவில்லை. அதைப் படித்துக்கொள்ள எனக்கு இன்னும் தெரியவில்லை.

தூறல்: அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பாருங்கள், அக்கா. எழுத முடியாதவராகவும் இருக்கலாம்.