திகதி இல்லாமல் போட்ட டைம்டேபிள்: உங்களுக்கும் நடந்ததா?

ஹட்டன் கடைப் பையன்: சாதாரண தரத்தில் எனக்குக் கணிதம் மட்டும்தான் பாக்கி. மறுபடி எழுத நினைத்து, தோட்டத்து டீச்சரிடம் டைம்டேபிள் போட்டுத் தரச் சொன்னேன். பரீட்சை எப்போது? திகதி வரவில்லை. பாடத்திட்டம்? கையில் புத்தகமே இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? "மூன்று மணித்தியாலம் இருக்கும் டீச்சர்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "ஒரு கிழமைக்கு, படிக்க உட்கார்ந்த நேரத்தை மட்டும் எழுதிக் கொண்டு வா" என்றார்.

கடை மூடி, பஸ் பிடித்து, லயத்துக்கு வரவே எட்டரை. அந்தக் கிழமை முக்கால் மணி நேரமாக ஒன்பது தடவைதான் உட்கார்ந்திருந்தேன். அதில் நான்கு ஞாயிற்றுக்கிழமை!

அப்புறம் பத்தாம், பதினோராம் ஆண்டுப் புத்தகங்களை இரவல் வாங்கி, ஒத்த பாடங்களைச் சேர்த்து 26 தலைப்பாக எழுதினோம். தலைப்புக்கு இரண்டு தடவை. கிழமைப் பெயரே போடவில்லை, வெறும் எண்தான். 12 தலைப்பு முடிந்தபோது திகதி வந்தது, மிச்சம் ஆறு கிழமை. அதாவது 54 தடவை. மீதித் தலைப்புகளுக்கு 28, முதலாம், இரண்டாம் தாள் சேர்ந்த மூன்று முழு வினாத்தாளுக்கு 21. கறன்ட் போகும் நாட்களுக்கு ஐந்துதான் மிஞ்சியது. நடுவில் கடையில் சரக்குக் கணக்கெடுத்து ஒரு கிழமை போனது. ஒரு வினாத்தாளை விட்டேன்.

நுவரெலியா அண்ணன்: இவ்வளவு எதற்குத் தம்பி? பத்து வருட பாஸ்ட் பேப்பர் செய்தால் பாடத்திட்டம் தானாகத் தெரியும்.

பண்டாரவளை டீச்சர்: பாதி சரி. பழைய தாள் பழைய பாடத்திட்டத்தில் வந்திருக்கலாம். இப்போதைய புத்தகத்தின் பொருளடக்கத்தோடு வைத்துப் பாருங்கள். அதில் இல்லாத கேள்விகள் நிறைய வந்தால் அந்தத் தாளை ஒதுக்குங்கள். இன்னொன்று, இரண்டாம் வினாத்தாளில் ஒவ்வொரு பகுதியிலும் ஆறில் ஐந்து எழுதினால் போதும் என்று பிள்ளைகள் சில தலைப்பைத் தொடவே மாட்டார்கள். முதலாம் தாளில் தெரிவு கிடையாது, அங்கே அதே தலைப்பு வந்து நிற்கும். தம்பி, மூன்று மணித்தியால இரண்டாம் தாளை எந்த நாளில் செய்தீர்கள்?

ஹட்டன் கடைப் பையன்: ஞாயிறு டீச்சர். நான்கு முக்கால் மணி சேர்ந்தால் சரியாக மூன்று. முதலாம் தாளைத்தான் வாரநாட்களில் மூன்றாக உடைத்தேன், அது அவ்வளவு நன்றாக வரவில்லை.

மஸ்கெலியா அம்மா: என் மகனுக்குப் புலமைப்பரிசில். அவனுக்கும் முக்கால் மணியா?

பண்டாரவளை டீச்சர்: ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது கூட அக்கா. இருபது நிமிடத்தில் எழும்ப விடுங்கள்.

பதுளைத் தங்கச்சி: நான் 2024 உயர்தரம். நவம்பரில் வெள்ளத்தால் பரீட்சையை இடையில் நிறுத்தினார்கள். திகதி தெரிந்து போட்ட என் அட்டவணையும் அன்றோடு சரி. அந்த இடைவெளியில் முடிந்த பாடத்தை மூடிவிட்டு அடுத்ததை மட்டும் படித்தேன். அது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். வேறு யாராவது எப்படிச் சமாளித்தீர்கள்?