ஜெர்மனில என்னை அப்பா பேர் சொல்லி கூப்பிடறாங்க, நான் மத்தவங்களை எப்படி கூப்பிடறது?

மியூனிக் வந்து மூணு வாரம் ஆகுது. ஊர்ல நான் எஸ். செந்தில்குமார், அப்பா பேர் சண்முகம். பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு சர்நேம் சண்முகம், கிவன் நேம் செந்தில்குமார்னு குடுத்திருக்கேன். நேத்து டாக்டர் கிளினிக்ல, நம்ம மிஸ்டர் மாதிரி இங்க ஹெர் போட்டு, "ஹெர் ஷண்முகம்"னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, அது நான்தான்னு மண்டைல ஏறவே இல்ல, எனக்கு அப்புறம் வந்தவர் உள்ள போயிட்டார். இன்னொண்ணு, எங்க டீம்ல புதுசா ஒரு திருச்சி பையன் சேர்ந்திருக்கான், மெயில்ல ராமசாமி விக்னேஷ்னு வருது, எல்லாரும் "ஹாய் ராமசாமி"ங்கறாங்க, எனக்கு என்னமோ அது அவன் அப்பா பேர்னு தோணுது. எப்படி கூப்பிடறது?

மதுரைக்காரன்: சிம்பிள் ப்ரோ, நம்மாளுங்களுக்கு எப்பவும் கடைசில இருக்கறதுதான் சொந்த பேர். விக்னேஷ்னே கூப்பிடுங்க.

ஸ்டுட்கார்ட் அக்கா (12 வருஷமா இங்க): கடைசி பேர்தான்ங்கறது ஊர்ல எழுதற முறைக்கு சரி, ஆனா "எப்பவும்" இல்ல தம்பி. செந்தில் பேரையே பாருங்க, இங்க செந்தில்குமார் சண்முகம்னு ஆயிடுச்சு, கடைசில இருக்கறது அப்பா. சில பேர் இனிஷியலையே பின்னாடி போடுவாங்க, செஸ் லிஸ்ட்ல பிரக்ஞானந்தா ஆர்னு வர்ற மாதிரி. விஸ்வநாதன் ஆனந்தை உலகமே செல்லமா "விஷி"ங்குது, ஆனா விஸ்வநாதன் அவரோட அப்பா பேரு, அவர் பேர் ஆனந்த். முதல் பேர்தான் சொந்த பேர்னு நினைச்சா இப்படித்தான் ஆகும்.

விக்னேஷ் விஷயத்துல முதல்ல அவுட்லுக்ல நடுவுல கமா இருக்கான்னு பாருங்க. கமா இருந்தா அதுக்கு முன்னாடி வர்றது சிஸ்டத்துக்கு சர்நேம், அப்ப ஹாய்க்கு பின்னாடி இருக்கறதை எடுக்கணும். கமா இல்லன்னா அவன் மெயிலுக்கு கீழ என்ன போடறான்னு பாருங்க, "ஆர். விக்னேஷ்"னு இருந்தா புள்ளி வெச்ச ஒத்தை எழுத்து கூப்பிடற பேர் இல்லன்னு உங்களுக்கே தெரியும். அதுவும் இல்லன்னா தமிழ்லயே கேட்டுடுங்க, சந்தோஷப்படுவான்.

உங்க பேரை சிஸ்டம் எப்படி எடுக்கும்னு பாக்க பாஸ்போர்ட் போட்டோ பக்கத்துல அடில இருக்கற வரியைப் பாருங்க:

```
P<INDSHANMUGAM<<SENTHILKUMAR
```

INDக்கு அப்புறம், ரெட்டை அம்புக்கு முன்னாடி இருக்கறது சர்நேம். கிளினிக், வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஹெர் போட்டு அதைத்தான் சொல்லும், அங்க போய் மாத்தச் சொல்லி மல்லுக்கட்டாதீங்க, காது கொஞ்ச நாள்ல பழகிடும். ஆபீஸ்ல மட்டும் டிஸ்ப்ளே நேமை மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, "செந்தில்னு கூப்பிடுங்க"ன்னு முதல் மீட்டிங்லயே சொல்லிடுங்க. "ஹெர் செந்தில்"னு மட்டும் யாரையும் சொல்ல வைக்காதீங்க, ஹெர்ருக்கு அப்புறம் சர்நேம்தான் வரும்.

அப்புறம் முக்கியமா லெட்டர் பாக்ஸ். அதுல ரெண்டு பேரையும் முழுசா ஒட்டுங்க. நான் வந்த புதுசுல என் பேரை மட்டும் ஒட்டிட்டு, அப்பா பேர்ல வந்த இன்ஷூரன்ஸ் கார்டு திரும்பிப் போய் ஒரு மாசம் அலைஞ்சேன்.

ரொறன்ரோ தங்கச்சி: அண்ணா, பேரை மாத்திப்போடாதேங்கோ. எங்கட மாமா இஞ்ச வந்தவுடன பேரைச் சுருக்கிப் போட்டு, பிறகு ஊர் சேர்டிபிக்கற்றோட ஒத்துவராமல் சரியாக் கஷ்டப்பட்டவர்.

ஸ்டுட்கார்ட் அக்கா: அவர் பேரை மாத்தணும்னு கேக்கல மா, எப்படி கூப்பிடறதுன்னுதான் கேக்கறார். ஆனா நீ சொன்னதும் சரிதான், காகிதத்துல பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எல்லா இடத்துலயும் இருக்கணும்.

கோவை மீனா: எங்க வீட்டுக்கதை வேற. கல்யாணத்துக்கப்புறம் பாஸ்போர்ட்ல வீட்டுக்காரர் பேரை சர்நேமா போட்டேன், நான் மீனா ராஜேஷ். அவர் ராஜேஷ் பழனிசாமி. அதனால நான் ஃப்ராவ் ராஜேஷ், அவர் ஹெர் பழனிசாமி. வாடகைக்கு வீடு பாக்கப் போனா நாங்க புருஷன் பொண்டாட்டிதானான்னு ஒரு மாதிரி பாக்கறாங்க, மேரேஜ் சர்டிஃபிகேட் காப்பி பையிலயே வெச்சிருக்கேன். ஜூன்ல பாப்பா பிறக்கப் போகுது, அதுக்கு சர்நேம் ராஜேஷா பழனிசாமியா? மாமனார் அவர் பேர்தான்ங்கறார், எனக்கு என் பொண்ணை ஊரே தாத்தா பேர் சொல்லி கூப்பிடறது பிடிக்கல.

செந்தில் (கேள்வி கேட்டவர்): நன்றி அக்கா. கமா இல்ல, அதனால விக்னேஷ்கிட்டயே கேட்டுட்டேன். அவன் பாஸ்போர்ட் எனக்கு அப்படியே தலைகீழ், கிவன் நேம்ல ராமசாமி, சர்நேம்ல விக்னேஷ். ரெண்டு மாசமா ஆபீஸே அவனை அப்பா பேர்ல கூப்பிட்டிருக்கு, சொல்லக் கூச்சப்பட்டு விட்டுட்டானாம், கிளினிக்ல ஹெர் விக்னேஷ்னு மட்டும் சரியா கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்கு மீட்டிங்ல நானே "விக்னேஷ்"னு ஆரம்பிச்சேன், மேனேஜர் அது யாருன்னு கேட்டார், அப்புறம் அவனே எழுந்து சொன்னான். லெட்டர் பாக்ஸ்ல ரெண்டு பேரையும் ஒட்டியாச்சு. மீனா அக்கா கேள்விக்கு இங்க குழந்தை பெத்தவங்க யாராவது பதில் சொல்லுங்களேன்.